செயலிப் பொத்தான்களில் வினைச்சொல்: தமிழ் இடைமுக உரையைச் சுருக்குவதன் இலக்கணம்

ஆய்வுச்சுருக்கம்

கைப்பேசிச் செயலிகளின் பொத்தான்களிலும் பட்டிகளிலும் இடம்பெறும் தமிழ்த் தொடர்கள் பெரும்பாலும் ஆங்கில மூலத்தைவிட நீண்டு அமைகின்றன. இந்நீட்சி, இடப்பற்றாக்குறை என்னும் அளவில் மட்டும் நோக்கப்படுகிறது. தமிழில் முற்றுவினை தொடரின் இறுதியில் நிற்பதால், திரை இடம் போதாதபோது முதலில் மறைவது வினைச்சொல்லே. எனவே பொத்தான் உரையைச் சுருக்குதல், அழகு கருதிய செயலாக அன்றி, வினையைக் காப்பாற்றும் செயலாக அமைகிறது. எவ்வுறுப்புகளை நீக்கலாம், எவற்றை நீக்கலாகாது என்பதை ஏவல் வடிவம், வேற்றுமைத் தொகை, தன்வினை பிறவினை வேறுபாடு ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இடைமுகத் தமிழ், பொத்தான் உரை, ஏவல் வினை, வேற்றுமைத் தொகை, மொழியாக்கம்

வினை மறையும் இடம்

பொத்தானின் அகலத்தை மீறும் உரையை ஆண்ட்ராய்டு இயங்குதளத்தில் `android:ellipsize="end"` என்னும் பண்பு கொண்டும், வலைப்பக்கங்களில் `text-overflow: ellipsis` என்னும் பண்பு கொண்டும் வெட்டுவது வழக்கம். இரண்டும் தொடரின் இறுதியை வெட்டி அங்கு முப்புள்ளி இடுகின்றன. ஆங்கிலத்தில் இவ்வெட்டு பெருந்தீங்கு செய்வதில்லை. `Delete account` என்பது `Delete acc…` எனக் குறைந்தாலும் என்ன நிகழப்போகிறது என்பது எஞ்சி நிற்கும். தமிழிலோ ‘கணக்கை நீக்கு’ என்பது ‘கணக்கை…’ என்று நின்றுவிடும். கணக்கைத் திறப்பதா, மாற்றுவதா, அழிப்பதா என்பதைப் பயனர் ஊகித்தறிய வேண்டியதாகிறது.

எதிர்மறைத் தொடர்களில் நிலைமை இன்னும் மோசம். ‘தரவைப் பகிர்’, ‘தரவைப் பகிர வேண்டாம்’ என இரு பொத்தான்கள் அடுத்தடுத்து இருப்பதாகக் கொள்வோம். இரண்டாவது வெட்டுண்டால் ‘தரவைப் பகிர…’ என ஆகும். இசைவுக்கும் மறுப்புக்கும் இடையே திரையில் எஞ்சும் வேறுபாடு ஒரு புள்ளியும் ஒரு முப்புள்ளியுமே. மறுக்க எண்ணியவர் இசைவைத் தொட்டுவிடுவதற்கு இதைவிட வசதியான அமைப்பு வேண்டியதில்லை.

இதற்குரிய தீர்வு எழுத்துருவைச் சிறிதாக்குவது அன்று. எதிர்மறைத் துணைவினையை விடுத்து, மறுப்பையே பொருளாகக் கொண்ட உடன்பாட்டு வினையைத் தேர்வதே தீர்வு. ‘இருப்பிடத் தரவைப் பகிரலாமா?’ என்று தலைப்பில் கேட்டுவிட்டால், பொத்தான்களில் ‘பகிர்’, ‘மறு’ என்னும் இரு சொற்கள் போதும். முதலெழுத்திலேயே அவை வேறுபடுகின்றன. எங்கே வெட்டினாலும் ஒன்று மற்றொன்றாகத் தோன்றாது.

நீளத்தை எதனால் அளப்பது

‘இரண்டு அல்லது மூன்று சொற்கள்’ என்னும் வரையறை ஆங்கில எழுத்துமரபிலிருந்து வந்தது. தமிழுக்கு அதனை அப்படியே கொள்ளுதல் இயலாது. ‘ரத்து செய்’ என இடம்விட்டு எழுதினால் இரு சொற்கள். ‘ரத்துசெய்’ எனச் சேர்த்தெழுதினால் ஒரு சொல். நீளம் ஏறத்தாழ ஒன்றே. எனினும் சேர்த்தெழுதுவதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. இடைவெளி உள்ள இடத்தில்தான் திரை வரியை மடக்கும். பிரித்தெழுதினால் ‘ரத்து’ ஒரு வரியிலும் ‘செய்’ அடுத்த வரியிலுமாகப் பொத்தான் இரட்டை உயரம் கொள்ளும்.

எழுத்தெண்ணிக்கையும் நேரான அளவுகோல் அன்று. ‘சேமி’ என்பதில் தமிழ் மரபுப்படி இரண்டு எழுத்துகளே உள்ளன. ஒருங்குறியிலோ மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் நான்கு குறியீடுகள். ‘சேமிக்கவும்’ என்பதில் ஆறு எழுத்துகள், 11 குறியீடுகள். மொழிபெயர்ப்பாளருக்குத் தரப்படும் ‘அதிக அளவு 12’ போன்ற வரம்புகள் பெரும்பாலும் குறியீடுகளையே எண்ணுகின்றன. வரம்பை மீறியதைக் கண்மூடித்தனமாக வெட்டும் நிரல்கள் உயிர்க்குறியை மட்டும் துண்டித்துவிடுவதும் உண்டு. ‘பதிவை நிறுத்து’ என்பது அப்போது ‘பதிவை நிறுத்த’ என எச்சமாகி முடிவின்றி நிற்கும்.

உலகளாவிய வலைக் கூட்டமைப்பு மேற்கோள் காட்டும் ஐ.பி.எம். வழிகாட்டி, 10 குறியீடுகளுக்கு உட்பட்ட ஆங்கிலத் தொடர்கள் மொழிபெயர்ப்பில் 200 முதல் 300 விழுக்காடு அளவுக்கு விரிவடையலாம் எனக் கொள்கிறது. பொத்தான் உரைகள் ஏறக்குறைய யாவும் இவ்வகையினவே. ஆனால் தமிழில் இவ்விரிவின் பெரும்பகுதி மொழியின் இயல்பால் நேர்வதன்று. தேர்ந்துகொண்ட வினை வடிவத்தால் நேர்வது. ‘மாற்றங்களைச் சேமிக்க இங்கே அழுத்தவும்’ என்பது இடைவெளி உட்பட 37 குறியீடுகள். ‘மாற்றங்களைச் சேமி’ என்பது 17. மூலமாகிய `Save changes` 12. முதல் வடிவத்தில் கூடுதலாக உள்ள ‘இங்கே அழுத்தவும்’ என்பது பொத்தானைப் பற்றிய செய்தி. பொத்தானின் செயலைப் பற்றியதன்று. அழுத்தப்படுவதற்கே உள்ள ஒன்றன்மேல் ‘அழுத்தவும்’ என எழுதுதல், கதவின்மேல் ‘இது கதவு’ என எழுதுவதை ஒக்கும்.

ஏவுபவர் யார்

தமிழ் இடைமுகங்களில் ‘-வும்’ ஈற்று வடிவம் பரவலாக ஆளப்படுவதற்குக் காரணம் மரியாதை உணர்வு. ‘சேமி’, ‘அனுப்பு’, ‘நீக்கு’ ஆகியன ஒருமை ஏவல்கள். அகவையில் மூத்த ஒருவரை இவ்வாறு விளித்தல் முறையன்று என மொழிபெயர்ப்பாளர் தயங்குகிறார். இத்தயக்கம் நியாயமானதே. ஆயின் அது ஏவுபவர் இன்னார், ஏவப்படுபவர் இன்னார் என்பதைப் பிறழ உணர்வதிலிருந்து எழுகிறது.

பொத்தான் உரை இயந்திரம் பயனரை நோக்கிச் சொல்வதன்று. பயனர் இயந்திரத்திற்கு இடும் கட்டளை அது. சேமிக்க வேண்டியது பயனர் அல்லர், கருவியே. கருவியை ‘நீங்கள் சேமிக்கவும்’ என்று வேண்டிக்கொள்ளத் தேவையில்லை. இதற்கு மாறாக, உள்ளீட்டுக் கட்டத்தின் மேலுள்ள ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்பது கருவி பயனரிடம் சொல்வது. அங்கே மரியாதை வடிவமே பொருந்தும். ஆகவே ஒரே திரையில் இருவகை வடிவமும் இருப்பது முரண்பாடு ஆகாது. வழிகாட்டும் உரையில் ‘-வும்’, பொத்தானில் ஏவல் ஒருமை எனக் கொண்டால், யார் யாரிடம் பேசுகிறார் என்பது வடிவத்தாலேயே புலப்படும்.

ஏவல் ஒருமை தமிழ் வினையின் மிகக் குறுகிய வடிவம் என்பது ஒரு நல்வாய்ப்பு. நன்னூலின் 137ஆம் நூற்பா, ‘நட’, ‘வா’ முதலான 23 ஈறுகளையுடைய வாய்பாடுகளைச் செய்யென் ஏவல் வினைப் பகாப்பதங்களாகத் தொகுத்துரைக்கிறது. பகுதியே ஏவலாக நிற்கும் இவ்வியல்பினால் விகுதி எதுவும் சேர்க்காமலே பொத்தானுக்கு முழுமையான வினை கிடைக்கிறது. கினோம் மேசைத்தள வழிகாட்டி பொத்தான்களை ஏவல் வினைகளால் பெயரிடுமாறு பரிந்துரைப்பதை நிறைவேற்றத் தமிழ் புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

இவ்விளக்கம் ஓரிடத்தில் தடுமாறுகிறது என்பதையும் சொல்லவேண்டும். சில பொத்தான்களில் வினையின் கருத்தா பயனரே. ‘வெளியேறு’ என்பது அத்தகையது. கருவியா வெளியேறுகிறது? இல்லை, பயனரை நோக்கிக் கருவி ‘வெளியே போ’ எனச் சொல்வதுபோல் அது ஒலிக்கிறது. ‘வெளியேற்றம்’ என்றால் துரத்துதல் என்னும் பொருள் வந்து சேரும். ‘அமர்வை முடி’ எனச் செயப்படுபொருளோடு கூடிய வினையாக மாற்றினால் கருத்தா மீண்டும் கருவி ஆகிறது; ‘அமர்வு’ என்னும் சொல் பலருக்கும் பழக்கமில்லை என்பதே அதன் குறை. ‘வெளியேறுக’ என வியங்கோளாக்குவது ஒரு குறியீட்டைக் கூட்டிக் கடுமையைத் தணிக்கிறது. இவ்வொரு பொத்தானுக்கு அது ஏற்றது. அதன்பொருட்டு எல்லாப் பொத்தான்களையும் வியங்கோளாக்க வேண்டியதில்லை.

நீக்கத்தக்கன

ஏவலைத் தேர்ந்தபின் அடுத்து நோக்கத்தக்கது ‘செய்’ என்னும் துணைவினை. ‘பதிவிறக்கம் செய்யவும்’, ‘நீக்கம் செய்யவும்’, ‘மாற்றம் செய்யவும்’ முதலானவற்றில் வினை பெயராக்கப்பட்டு, அப்பெயர் மீண்டும் ‘செய்’ கொண்டு வினையாக்கப்பட்டுள்ளது. இச்சுற்றுவழியைத் தவிர்த்தால் ‘பதிவிறக்கு’, ‘நீக்கு’, ‘மாற்று’ எனும் நேர்வினைகள் கிடைக்கின்றன. ‘ரத்து’ போன்ற வேற்றுமொழிப் பெயர்களுக்கு நேர்வினை இன்மையால் அங்கு மட்டும் ‘செய்’ நிலைபெறும்.

இரண்டாவது, ஐ உருபு. ‘பெயரை மாற்று’, ‘படத்தைச் சேர்’ என்பவற்றை ‘பெயர் மாற்று’, ‘படம் சேர்’ என இரண்டாம் வேற்றுமைத் தொகையாக்கலாம். சாரியையும் உருபும் ஒருங்கே நீங்குவதால் சேமிப்பு கணிசமானது. உருபு விரிந்த நிலையில் மிகும் வல்லொற்று தொகையில் மிகாது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளல் வேண்டும். ‘கடவுச்சொல்லைத் திருத்து’ என்பது தொகையாகுங்கால் ‘கடவுச்சொல் திருத்து’ என்றே அமையும். உயர்திணைப் பெயர்களில் இத்தொகை பொருந்தாது. ‘உறுப்பினர் நீக்கு’ என்றால் உறுப்பினர் நீக்குபவரா, நீக்கப்படுபவரா என்னும் ஐயம் எழும். அங்கே ‘உறுப்பினரை நீக்கு’ என உருபு விரிந்தே நிற்றல் வேண்டும்.

பட்டிகளைப் பொறுத்தவரை ஒரு வேறுபாடு போதும். தொட்டவுடன் செயல் நிகழுமாயின் வினை. மற்றொரு பக்கம் திறக்குமாயின் பெயர். ‘அமைப்புகள்’, ‘உதவி’ ஆகியன இடங்களின் பெயர்கள். ‘பெயர் மாற்று’, ‘நகர்த்து’ ஆகியன செயல்கள். ‘தேடல்’ பக்கத்தின் தலைப்பு. ‘தேடு’ அப்பக்கத்திலுள்ள பொத்தான்.

நீக்கலாகாதன

சுருக்கம் எல்லை மீறும் இடத்தைத் தமிழ் வினைகளே காட்டிவிடுகின்றன. ‘சேர்’ என்னும் பகுதி தன்வினைக்கும் பிறவினைக்கும் பொது. ‘சேர்ந்தான்’, ‘சேர்த்தான்’ என இறந்தகாலத்திலும், ‘சேரவும்’, ‘சேர்க்கவும்’ என மரியாதை வடிவத்திலும் இவை வேறுபடும். ஏவல் ஒருமையில் மட்டும் வேறுபாடு அழிந்துவிடுகிறது. குழு உரையாடல் செயலி ஒன்றில் ‘சேர்’ என்று மட்டும் இருந்தால், ‘நான் குழுவில் இணைகிறேன்’ என்று கருதித் தொடுபவரும், ‘பிறரைக் குழுவில் சேர்க்கிறேன்’ என்று கருதித் தொடுபவரும் ஒரே பொத்தானைத் தொடுவர். ‘இணை’, ‘பிரி’ ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். ‘இணை’ என்பதற்குத் தொடர்புபடுத்து, கோப்பைச் சேர், சோடி எனப் பொருள்கள் வேறு உண்டு. ‘சேர்’ என்பதற்கு மாற்றாக ‘இணை’ என எழுதித் தப்பித்துக்கொள்ள முடியாமைக்கு இதுவே காரணம்.

செயப்படுபொருளை உடன் நிறுத்துவதே இங்கு வழி. ‘உறுப்பினரைச் சேர்’ என்பதில் ஐ உருபு பிறவினையை உறுதிப்படுத்துகிறது. ‘குழுவில் சேர்’ என்பதில் செயப்படுபொருள் இன்மையும் இடப்பொருளின் வருகையும் தன்வினையைச் சுட்டுகின்றன. ஒரு சொல்லுக்குக் கீழே போகலாகாது என்பதைவிட, இத்தகு வினைகளில் இரு சொல்லுக்குக் கீழே போகலாகாது என்பதே பொருத்தமான விதி.

‘தொடர்’ என்னும் சொல்லும் கவனத்திற்குரியது. அது மேற்செல், பின்பற்று என்னும் வினைகளாகவும் வரிசை என்னும் பெயராகவும் நிற்கும். பொருள் ஐயத்தைவிடப் பெரிய சிக்கல், அது செயலை மறைப்பது. அடுத்த தொடுதலில் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழியுமாயின், பொத்தானில் ‘தொடர்’ என்று இருத்தல் குறுமையே அன்றித் தெளிவு ஆகாது. ‘₹500 செலுத்து’ என்பது சற்றே நீண்டது. ஆயினும் தொடுமுன் அறியவேண்டியதை அது அறிவித்துவிடுகிறது.

ஓர் உரையாடல் பெட்டி

பயணச்சீட்டு முன்பதிவுச் செயலி ஒன்றில் பின்வரும் உரையாடல் பெட்டி இருப்பதாகக் கொள்வோம். தலைப்பு: ‘உங்கள் பயணச்சீட்டை ரத்து செய்ய விரும்புகிறீர்களா?’ கீழே இரு பொத்தான்கள்: ‘ரத்துசெய்’, ‘சரி’. சீட்டை ரத்துசெய்ய விரும்பும் ஒருவர் ‘ரத்துசெய்’ என்பதைத் தொடுவார். பெட்டி மூடிக்கொள்ளும், சீட்டு ரத்தாகாது. ஏனெனில் அப்பொத்தான் செயலி முழுவதும் ‘இப்பெட்டியை மூடு’ என்னும் பொருளில் ஆளப்பட்டது. பணம் திரும்பும் எனக் காத்திருப்பவர் வண்டி புறப்பட்ட பின்னரே உண்மையை உணர்வார்.

‘சரி’ என்னும் சொல்லுக்கும் ஒரு முன்வரலாறு உண்டு. 1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கியோர் முதலில் `Do It` என்ற பொத்தானை அமைத்தனர். சோதனையில் பங்கேற்றவர் சிலர் அதனை மூடன் எனப் பொருள்படும் `Dolt` என வாசித்தமையால் `OK` என மாற்றப்பட்டது என்பது அக்குழுவினர் பதிவு. வாசிப்பிழைக்கு அஞ்சி வினையைக் கைவிட்ட அச்சொல்லே, எச்செயலையும் பெயரிடாத ‘சரி’யாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தது.

மேற்கண்ட பெட்டியின் வேர்ச்சிக்கல் மொழிக்கோப்பில் உள்ளது. ஆங்கிலத்தில் இரு செயல்களும் `Cancel` எனப்படுவதால் நிரலாளர் ஒரே பெயருடைய சரத்தை ஈரிடத்தும் பயன்படுத்தியிருப்பார். மொழிபெயர்ப்பாளர் எவ்வளவு முயன்றாலும் ஒன்றை இரண்டாக்க இயலாது. முதற்பணி அதனைப் பிரிப்பது:

```xml
<!-- சீட்டை ரத்துசெய்யும் பொத்தான் -->
<string name="ticket_cancel">ரத்துசெய்</string>
<!-- சீட்டை அப்படியே விட்டுப் பெட்டியை மூடும் பொத்தான் -->
<string name="ticket_keep">வைத்திரு</string>
<!-- பிற பெட்டிகளை மூடும் பொத்தான் -->
<string name="dialog_dismiss">பின்செல்</string>
```

கெட்டெக்ஸ்ட் முறையில் இதே பணியை `msgctxt` செய்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கான குறிப்புரை சரத்தின் மேலேயே இருத்தல் இன்றியமையாதது. திரையைக் காணாமல் கோப்பை மட்டும் கண்டு மொழிபெயர்ப்பவருக்குச் சூழலைத் தெரிவிப்பது அதுவே.

இப்பெட்டிக்கு முதலில் தோன்றும் திருத்தம் ‘சீட்டை ரத்துசெய்’, ‘சீட்டை வைத்திரு’ என்பதாகும். இது முழுமையானது, ஆனால் இரண்டும் ஒரே சொல்லில் தொடங்குகின்றன. குறுகிய திரையில் ‘சீட்டை…’, ‘சீட்டை…’ என இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பொதுச்சொல்லைத் தலைப்புக்கு உயர்த்திவிட்டால் (‘இச்சீட்டை என்ன செய்வது?’ என்பதன்று, ‘பயணச்சீட்டை ரத்துசெய்யலாமா?’ என்பதே தலைப்பு) பொத்தான்களில் ‘ரத்துசெய்’, ‘வைத்திரு’ என வேறுபடும் பகுதி மட்டும் எஞ்சும். ‘ரத்துசெய்’ என்னும் அதே சொல் இப்போது மயக்கம் தராமைக்குக் காரணம் இரண்டு. அதன் இணைப்பொத்தான் எதிர்ப்பொருளைத் தெளிவாகப் பெயரிடுகிறது. மேலும், செயலியின் வேறெங்கும் பெட்டியை மூடுவதற்கு அச்சொல் இனி ஆளப்படுவதில்லை. இரண்டாவதைச் செய்யாது முதலாவதை மட்டும் செய்தால் பழகிய விரல் பழைய பொருளிலேயே தொடும்.

‘ரத்துசெய்’, ‘வேண்டாம்’ என்னும் இணையைச் சிலர் பரிந்துரைக்கக்கூடும். ‘வேண்டாம்’ என்பது ரத்து வேண்டாம் என்பதா, சீட்டு வேண்டாம் என்பதா? ரத்துசெய்ய வந்தவரின் மனத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதே.

சரிபார்க்கும் முறை

இத்திருத்தங்கள் பயன் தந்தனவா என்பதை மூன்று எளிய சோதனைகளால் அறியலாம். முதலாவது, பொத்தான் உரைகளை மட்டும் தனித்தாளில் எழுதி, திரையைக் காட்டாமல், இதைத் தொட்டால் என்ன நிகழும் எனச் செயலியை அறியாத ஒருவரிடம் வினவுதல். ‘சரி’, ‘தொடர்’, ‘சேர்’ ஆகியன இச்சோதனையில் உடனே தோல்வியுறும். இரண்டாவது, கைப்பேசியின் எழுத்தளவை உச்சத்திற்கு உயர்த்திப் பார்த்தல். ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கலாம். பார்வை மங்கியோர் நாளும் காணும் திரை அது. வினை மறையும் பொத்தான்கள் அங்கே வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, திரைவாசிப்பானைக் கொண்டு கேட்டல். படத்தொகுப்பு ஒன்றில் ஒவ்வொரு படத்தின்கீழும் ‘நீக்கு’ என்று இருந்தால், கண்ணால் காண்பவருக்கு எப்படம் என்பது இடத்தால் விளங்கும். செவியால் கேட்பவருக்கோ ‘நீக்கு, நீக்கு, நீக்கு’ என்பது மட்டுமே கிடைக்கும். இதற்காகத் திரையில் தோன்றும் உரையை நீட்டவேண்டியதில்லை. `contentDescription` என்னும் பண்பில் ‘மூன்றாம் படத்தை நீக்கு’ எனத் தரலாம். அவ்வாறு தரும்போது திரையில் உள்ள சொல் அதில் மாறாமல் இடம்பெறல் வேண்டும் என்பது 2018இல் வெளியான வலை அணுகல்தன்மை வழிகாட்டி 2.1இன் 2.5.3ஆம் அளவுகோல். குரலால் கட்டளையிடுவோர் தாம் காணும் சொல்லையே சொல்வர். திரையில் ‘நீக்கு’ என்றும் உள்ளே ‘மூன்றாம் படத்தை அழிக்கவும்’ என்றும் இருந்தால், ‘நீக்கு’ என எத்தனை முறை சொன்னாலும் அப்பொத்தான் இயங்காமல் போகலாம்.